தங்கை கல்யாணத்துக்கு ஆறு நாள் லீவு கேட்ட கதை

கரூரில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு வரிக் கணக்கு ஆபீஸில் ஆறு வருடமாக இருக்கிறேன். சார், நான், எனக்கு அடுத்த நிலையில் ஒரு தம்பி, பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண், வெளி வேலைகளுக்கு ஓர் அண்ணன். அவ்வளவுதான் ஆபீஸ். போன வருடம் ஆவணியில் என் தங்கை கல்யாணத்துக்கு லீவு வாங்கப் போய் நான் பட்டதை எழுதி வைக்கிறேன். பெரிய கம்பெனிகளில் இதற்கு ஹெச்.ஆர். இருக்கும், விதி இருக்கும். நம்மைப் போன்ற ஆபீஸில் விதி என்பது சாருடைய அன்றைய மனநிலைதான். அதனால் யாராவது எனக்கு முன்னமே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு முட்டி வலி. ஆக, மண்டபம் பிடிப்பதில் தொடங்கி வாழையிலை வரை நான்தான். சித்திரையில் பேச்சு முடிந்து, 2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை, ஆவணி வளர்பிறை முகூர்த்தம் என்று குறித்தோம். தேதி குறிக்கும்போதே ஆபீஸ் வேலையையும் நினைத்துப் பார்த்தேன். தணிக்கை தேவைப்படாதவர்களின் வருமான வரி ரிட்டர்ன் ஜூலை 31-உடன் முடிந்துவிடும். மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1 போட 11-ஆம் தேதி வரையும், 3பி-க்கு 20-ஆம் தேதி வரையும் நேரம் இருக்கும். செப்டம்பர் முதல் வாரம் எங்கள் தொழிலில் கொஞ்சம் மூச்சு விடுகிற வாரம். கச்சிதமான தேதி என்று எனக்கே என்மேல் பெருமை.

மே முதல் வாரம் சாரிடம் போய் வாயால் சொன்னேன். "செப்டம்பர் 1-லேருந்து 6 வரைக்கும் லீவு வேணும் சார்." அவர் ஸ்க்ரீனை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பார்த்துக்கலாம்மா, உன் தங்கச்சி கல்யாணம் இல்லையா" என்றார். நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இந்தக் கதையில் என்னுடைய முதல் தப்பு இதுதான். "பார்த்துக்கலாம்" என்றால் அந்த நிமிடம் அவருக்கு மறுக்க மனமில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலமே, "சார், காலையில் பேசியபடி செப்டம்பர் 1 முதல் 6 வரை லீவு எடுத்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தால், இதற்குப் பிறகு நடந்ததில் பாதி நடந்திருக்காது. கேட்டு வாங்கிய வாய்ப்பேச்சை எழுத்தில் போடுவது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். அப்படி ஒன்றுமில்லை. முந்நூறு கட்சிக்காரர்களின் தேதிகளை மண்டையில் வைத்திருக்கும் மனிதருக்கு நம் வீட்டுத் தேதி எப்படி நினைவிருக்கும்?

மே 27-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. ரிட்டர்ன் போடக் கடைசித் தேதி ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப் போனது. ஆபீஸில் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். என் லீவு அந்த 15-ஆம் தேதிக்கு முந்தைய நெரிசலுக்குள் போய் விழுந்துவிட்டது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், தேதி நீண்டால் வேலை பரவாது, அப்படியே நகர்ந்து புதுத் தேதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ITR-2, ITR-3 படிவங்களுக்கான மென்பொருளே ஜூலையில்தான் வந்தது. கட்சிக்காரர்கள், "அதான் செப்டம்பர் வரைக்கும் இருக்கே" என்று பேங்க் ஸ்டேட்மென்டை அனுப்பாமல் இழுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 170 ரிட்டர்ன் பாக்கி. தேதி மாறிய அன்றைக்கே சாரிடம் திரும்பப் போய், "என் லீவு இப்ப சீசனுக்குள்ள வருது சார், என்ன பண்ணலாம்" என்று நானே கேட்டிருக்க வேண்டும். மே மாதத்தில் அது சும்மா ஒரு பேச்சு. ஆகஸ்டில் அதுவே சண்டை.

இதற்கு நடுவில் ஜூலையில் ஆபீஸ் தம்பி ஒரு காரியம் செய்தான், எனக்குத் தெரியாமல். தெரியாமல் என்றால் ஒளித்துச் செய்தான் என்று அர்த்தமில்லை, அவன் என்னிடம் சொல்லவில்லை, நானும் என் தேதியை அவனிடம் சொல்லவில்லை. அவன் அக்கா மகனுக்குக் காதுகுத்து. ராஜபாளையம் பக்கத்தில் குலதெய்வக் கோயில். அவன்தான் தாய்மாமன். செப்டம்பர் 3, 4, 5 மூன்று நாள் லீவு என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, சாரிடம் கையெழுத்தே வாங்கிவிட்டான். நல்ல முகூர்த்தம் என்றால் எல்லார் வீட்டுக்கும் அதே முகூர்த்தம்தானே. ஆடியில் ஒன்றும் கிடையாது, புரட்டாசியில் கிடையாது, மார்கழியில் கிடையாது. மிச்ச மாதங்களின் முகூர்த்த நாட்களுக்குள்தான் ஊர் மொத்தமும் கல்யாணம், கிரகப்பிரவேசம், காதுகுத்து எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும். ஐந்து பேர் ஆபீஸில் இரண்டு பேர் தேதி மோதுவது அதிசயமே இல்லை. மோதாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை பத்திரிகையோடு சாரின் அறைக்குப் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. அவர் எடுத்துப் பிரித்துப் பார்த்ததும் முகம் மாறியது. "நாலாந்தேதியா? அன்னிக்கு அவனும் லீவாச்சே." நான் மே மாதமே சொன்னேன் என்றேன். அவர், "சொன்னே, ஆனா அவன் எழுதிக் கொடுத்திருக்கானே" என்று டிராயரைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். தட்டு என் கையிலேயே இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் நான் தோற்றுவிட்டேன். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா இல்லை, அம்மாவால் முடியாது, நான் இல்லாமல் கல்யாணமே நடக்காது என்று என்னென்னவோ சொன்னேன். சொன்னது எல்லாம் நிஜம்தான். ஆனால் அழுதது வேலை செய்தது என்பதும் நிஜம். சார் தம்பியைக் கூப்பிட்டு, "கல்யாணம் பெருசா, காதுகுத்து பெருசா, நீயே சொல்லுப்பா" என்றார். அவன் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு 4-ஆம் தேதி ஒரு நாள் மட்டும் என்று ஆனது. எனக்கு ஆறு நாளும் கிடைத்தது. அதில் மூன்று நாள் சம்பளமில்லாமல், ஏனென்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவில் எனக்கு மூன்றுதான் மிச்சம் இருந்தது. 22,000 சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 846 ரூபாய். மூன்று நாளுக்கு 2,538.

சார் கேட்ட அந்தக் கேள்வியை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எந்த விசேஷம் பெரியது என்று முதலாளியை எடைபோட விட்டால், சத்தமாகப் பேசுகிறவருக்கும் கண்ணீர் வருகிறவருக்கும்தான் தராசு சாயும். பார்க்க வேண்டியது விசேஷத்தின் பெயரை இல்லை, அந்த விசேஷத்தில் நமக்கு என்ன பங்கு என்பதை. ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் கல்யாணம் என்றால் கல்யாணம்தான், ஆனால் நான் போகாவிட்டாலும் தாலி ஏறும். காதுகுத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் குத்துவார்கள். அவனுக்குப் பதில் இன்னொருவர் உட்கார முடியாது. எனக்கும் பதில் இல்லை, அவனுக்கும் பதில் இல்லை. இரண்டும் ஒரே எடை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

லீவில் போகும் முன் வேலையை ஒப்படைத்தேன், நன்றாகத்தான் ஒப்படைத்தேன். யாருக்கு என்ன பாக்கி, யார் எதை அனுப்ப வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதிப் பயிற்சிப் பெண்ணிடம் கொடுத்தேன். ஒன்றை மட்டும் மறந்தேன், என் செல்போனை. சின்ன கட்சிக்காரர்கள் பலருக்கு, சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லும் நாங்கள்தான் ஆன்லைனில் போட்டுக் கொடுப்போம். அந்தத் தளத்தில் 2025 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் பாஸ்வேர்டோடு ஓடிபியும் கட்டாயம். ஓடிபி எந்த எண்ணுக்குப் போகும்? பதிவில் இருக்கும் எண்ணுக்கு. பல கட்சிக்காரர்களுக்குப் பதிவு செய்த காலத்தில் வசதிக்காக என் சொந்த எண்ணைக் கொடுத்து வைத்திருந்தோம். தினமும் நான் ஆபீஸில் இருந்ததால் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

செப்டம்பர் 3 சாயங்காலம். வரவேற்பு. கணக்குப் பிள்ளை என்பதால் மொய் நோட்டு என் தலையில். மண்டப வாசலில் ஒரு மேஜை, எனக்குப் பக்கத்தில் பணத்தை எண்ணிப் பையில் போட மாமா. பேர், ஊர், தொகை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் பாட்டுக் கச்சேரி. போன் என் கைப்பையில். கைப்பை மணமகள் அறை பீரோவில். பீரோ சாவி சித்தி இடுப்பில். இரவு 9.40-க்கு மொய் நோட்டை மூடிவிட்டுப் போய் எடுத்துப் பார்த்தால் பதினோரு மிஸ்டு கால். நடுவில் நான்கு ஓடிபி, எல்லாம் காலாவதி. பெட்ஷீட் ஏற்றிய வண்டி ஒன்று பெங்களூர் கிளம்ப நின்றுகொண்டிருந்திருக்கிறது. வெளி மாநிலம், சரக்கு மதிப்பு ஐம்பதாயிரத்துக்கு மேல், பில் இல்லாமல் எடுக்க முடியாது. வழியில் பிடித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். தம்பி அன்றைக்கு ஆறு மணிக்கே ராஜபாளையம் பஸ் பிடிக்கப் போய்விட்டான். பயிற்சிப் பெண் தனியாக எட்டரை வரை ஆபீஸில் உட்கார்ந்து எனக்கு அடித்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

மறுநாள் விடிகாலை நான்கரை மணி. ஒரு கையால் தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு, வீட்டில் இருந்த அந்தப் பெண்ணுக்கு ஓடிபி வாசித்தேன். "ஏழு, ஏழு, பூஜ்யம்..." தங்கை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஒரு நாளாவது விடேன்க்கா" என்றாள். வண்டி கிளம்பியது. ஓர் இரவு நின்றதற்கு ஹால்டிங் 2,500 ரூபாய். கட்சிக்காரர் எங்கள் ஃபீஸில் கழித்துக்கொண்டார். சார் அதில் பாதியை, 1,250-ஐ, என் சம்பளத்தில் பிடித்தார். அது நியாயமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இதற்குத் தீர்வு அரை மணி நேர வேலை என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்தத் தளத்தில் `User Management` பகுதியில் `Create Sub User` என்று இருக்கிறது. பயிற்சிப் பெண்ணுக்கு அவள் எண்ணோடு ஒரு துணைக் கணக்கு உண்டாக்கினால், ஓடிபி அவள் போனுக்கே போகும். லீவிலிருந்து வந்த அடுத்த வாரமே அதைச் செய்தேன். ஆபீஸ் பேரில் ஒரு சிம்மும் பழைய போனும் வாங்கி, சாரின் மேஜை டிராயரில் வைத்து, மற்றத் தளங்களில் என் எண் இருந்த இடத்தில் எல்லாம், கட்சிக்காரர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் எண்ணையோ ஆபீஸ் எண்ணையோ மாற்றினோம். மாற்றி முடிக்க இரண்டு மாதம் ஆனது. உங்கள் ஆபீஸில் இது ஓடிபியாக இல்லாமல் பீரோ சாவியாக இருக்கலாம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனாக இருக்கலாம், ஒரு கட்சிக்காரர் உங்களிடம் மட்டும்தான் பேசுவார் என்பதாக இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. லீவுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு, போனை அணைத்துவிட்டு வீட்டில் இருங்கள். எது நின்றுபோகிறதோ அதுதான் நீங்கள் ஒப்படைக்க மறந்தது.

8-ஆம் தேதி ஆபீஸ் திரும்பினேன். தம்பி என்னோடு பேசவில்லை. வேலைப் பேச்சு மட்டும். அதுவும் "அக்கா" இல்லாமல். ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, இரவு பத்து மணி வரை, இருவரும் ரிட்டர்ன் போட்டோம். 15-ஆம் தேதி இரவு தளம் நகர மறுத்தது. பதினொன்றரைக்கு இன்னும் ஆறு பேர் பாக்கி. நள்ளிரவு நெருங்கும்போது ஒரு நாள் நீட்டிப்பு என்று செய்தி வந்தது. இரண்டு பேரும் நாற்காலியில் சாய்ந்தோம். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"உங்களுக்கு 3-ஆம் தேதியும் 4-ஆம் தேதியும்தானே அசையாது? 1, 2 என்ன வேலை இருந்துச்சு? 6-ஆம் தேதி என்ன பண்ணீங்க?"

1-ஆம் தேதி பாத்திரக் கடைக்குப் போனேன். 2-ஆம் தேதி பார்லர், பூ அட்வான்ஸ். 5-ஆம் தேதி மறுவீடு. 6-ஆம் தேதி நாள் முழுக்கத் தூங்கினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "அவனும் கிடா விருந்துக்கு இருக்கலாமேன்னு யாராவது நெனச்சீங்களா? குத்தி முடிச்ச உடனே கெளம்பி வந்தேன்க்கா. மாமா சீர் செஞ்சுட்டு சாப்பிடாம போறானேன்னு அக்கா அழுதுச்சு" என்றான். அவன் "அக்கா" என்று என்னைத் திரும்பக் கூப்பிட்டது எனக்கு அப்போது காதில் விழவே இல்லை, வீட்டுக்குப் போன பிறகுதான் விழுந்தது.

நான் ஆறு நாளை ஒரே கட்டாகக் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். அசையாத நாள் எது, அசைக்கக்கூடிய நாள் எது என்று பிரித்துக் கேட்டிருந்தால், 1, 2, 6 மூன்று நாளும் நான் ஆபீஸில் இருந்திருக்கலாம். என் சம்பளமும் பிடிபட்டிருக்காது. அவன் 5-ஆம் தேதியும் ஊரில் இருந்து விருந்து சாப்பிட்டிருப்பான். 4-ஆம் தேதியும் 5-ஆம் தேதியும் மட்டும்தான் சிக்கல், அதற்குச் சார் இரண்டு நாள் சாயங்காலம் வரை ஆபீஸில் உட்கார்ந்தால் போதும். இந்தக் கணக்கை நாங்கள் இரண்டு பேரும் டீக்கடையில் பத்து நிமிடத்தில் போட்டிருக்கலாம். சாரிடம் போவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். முதலாளியிடம் இரண்டு தனி லீவு லெட்டர் போனால் அவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஏற்பாட்டைக் கொண்டு போனால், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார், யோசிக்கிற வேலை மிச்சம் அல்லவா.

தை பிறந்ததும் ஒரு காரியம் செய்தோம். தினசரிக் காலண்டரின் பின்னட்டையில் அந்த வருடத்து முகூர்த்த நாள் எல்லாம் அச்சடித்திருப்பார்களே, அதைப் பார்த்து ஒரு பெரிய மாதக் காலண்டரில் முகூர்த்தங்களுக்கு மஞ்சள், கெடு வரும் 7, 11, 15, 20 தேதிகளுக்குச் சிவப்பு என்று வட்டம் போட்டு டீ வைக்கும் இடத்தில் மாட்டினோம். விசேஷம் தெரிந்த அன்றைக்கே அவரவர் பெயரை எழுத வேண்டும். சொந்த வீட்டு விசேஷம் பேனாவில், மற்றது பென்சிலில். நண்பர் கல்யாணம், பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் லீவு இல்லை, காலை பர்மிஷன் மட்டும். முகூர்த்தம் பெரும்பாலும் ஆறிலிருந்து ஏழரைக்குள்தான், மொய் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வந்துவிடலாம். அரசு ஒரு தேதியை நீட்டித்தால், அன்றைக்கே காலண்டர் முன்னால் எல்லோரும் நின்று பார்க்க வேண்டும். இது எல்லாவற்றையும் தீர்க்காது. சாவுக்கும் சடங்குக்கும் பின்னட்டையில் தேதி போட்டிருக்க மாட்டார்கள். யார் போன முறை விட்டுக்கொடுத்தார் என்பதும் எங்கேயும் எழுதவில்லை, அதை இப்போதைக்கு நான் மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் பயிற்சிப் பெண்ணுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை வீட்டில் இரண்டு முகூர்த்தம் குறித்துக் கொடுத்து, எது வசதி என்று கேட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று 20-ஆம் தேதி, சிவப்பு வட்டத்தின் மேலேயே மஞ்சள் வட்டம். இரண்டிலும் பென்சிலால் தன் பெயரை எழுதிவிட்டு, "எதை எடுக்கலாம்க்கா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். இருபது வேண்டாம்டி என்று நாக்கு நுனி வரை வந்தது. உன் அம்மாவைக் கேட்டுட்டு வா, எதுன்னாலும் பேனால எழுதிக்கலாம் என்றேன்.